தாம்பாளத்துத் தண்ணீரும் குவாண்டம் கம்ப்யூட்டரும்

தலைமை ஆசிரியர் அவர்களுக்கும், வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களுக்கும், காலையிலிருந்து ஸ்டால் போட்டுக் களைத்திருக்கும் என் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

இன்று பிப்ரவரி 28. 1928-ல் இதே நாளில்தான் நம் சர் சி.வி. ராமன் கல்கத்தாவில் தன் புகழ்பெற்ற கண்டுபிடிப்பைச் செய்தார். ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளியில் கொஞ்சம் நிறம் மாறி வருகிறது என்றார், 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நிறமாற்றத்துக்குக் காரணம் குவாண்டம் இயற்பியல், அதாவது அணு, மூலக்கூறு மாதிரி ரொம்பச் சின்னப் பொருள்கள் நடந்துகொள்ளும் விதம். அதனால் இன்றைக்கு நான் பேசப்போகும் விஷயம் நமக்கு ஒன்றும் அந்நியமானது இல்லை.

போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "சார், குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தால் கேம் எல்லாம் ரொம்ப வேகமாக ஓடுமா?" ஓடாதும்மா. கேம் ஓட்ட, படம் பார்க்க, கணக்கு எழுத இப்போதிருக்கும் கம்ப்யூட்டர்தான் நல்லது. குவாண்டம் கம்ப்யூட்டர் என்பது வேகம் கூட்டிய பழைய கம்ப்யூட்டர் இல்லை, அது வேலை செய்கிற விதமே வேறு.

எப்படி வேறு? மேசை மேல் இருக்கும் பித்தளைத் தாம்பாளத்தைப் பாருங்கள், பாதியளவு தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். ஒரு விரலால் தொட்டால் வட்ட வட்டமாக அலை போகிறது. இப்போது இரண்டு விரல், இரண்டு இடத்தில், ஒரே தாளத்தில் தட்டுகிறேன். முன்வரிசைப் பிள்ளைகளே, உற்றுப் பாருங்கள்: சில இடத்தில் தண்ணீர் நன்றாக எழும்புகிறது, ஆனால் நடுநடுவே சில கோடுகளில் அசையாமல் கிடக்கிறது. இரண்டு பக்கமிருந்தும் அலை வந்தும் அங்கே தண்ணீர் அசையவில்லை, ஏனென்றால் ஒரு அலையின் மேடும் இன்னொன்றின் பள்ளமும் ஒன்றையொன்று அழித்துவிட்டன. நம்ம வேலூர் கோட்டை அகழியில் இரண்டு கல் எறிந்து பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்.

சரி, இதற்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்? உங்கள் போனுக்குள் எல்லாமே 0 அல்லது 1 தான், வீட்டு சுவிட்ச் போல, ஆன் அல்லது ஆஃப். அதற்குப் பெயர் பிட். குவாண்டம் கம்ப்யூட்டரில் இருப்பது கியூபிட். அதை நாம் அளந்து பார்க்காத வரை 0 ஆகவும் 1 ஆகவும் இருக்கும் வாய்ப்புகள் இரண்டும் சேர்ந்தே இருக்கும், அந்த வாய்ப்புகள் இந்தத் தண்ணீர் அலை மாதிரியே நடந்துகொள்ளும். கூடும், அழியும். அளந்த உடனே 0 அல்லது 1, ஏதாவது ஒன்றுதான் கிடைக்கும்.

இங்கேதான் நிறையப் பேர் தப்பாகச் சொல்கிறார்கள். எல்லா விடைகளையும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்த்து சரியானதைக் கொடுத்துவிடும் என்று வீடியோக்களில் கேட்டிருப்பீர்கள். அது உண்மையானால் எவ்வளவு சுலபம்! சும்மா அளந்தால் குலுக்கல் சீட்டு எடுத்த மாதிரி ஏதோ ஒரு விடைதான் வரும். தப்பான விடைகளின் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, சரியான விடையின் அலை மட்டும் எழும்பி நிற்கும்படி முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும், அதற்கப்புறம்தான் அளக்க வேண்டும். அந்த ஏற்பாடுதான் மூளையைக் கசக்கும் வேலை. எல்லாக் கணக்குக்கும் அப்படி ஒரு வழி கிடைப்பதில்லை, இதுவரை சிலவற்றுக்குத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அதில் ஒன்று, 1994-ல் பீட்டர் ஷோர் என்ற கணித அறிஞர் சொன்னது. ஒரு பெரிய எண் எந்த இரண்டு எண்களைப் பெருக்கி வந்தது என்று கண்டுபிடிக்கும் வழி. பேங்க் பரிமாற்றம் போன்றவற்றைக் காக்கும் இணையப் பூட்டுகளில் பல, அப்படிக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்பதை நம்பித்தான் இருக்கின்றன. பெற்றோர்கள் பயப்பட வேண்டாம், இன்றைய குவாண்டம் கம்ப்யூட்டர்களுக்கு அந்தப் பூட்டை உடைக்கும் சக்தி இல்லை. புதுப் பூட்டுக்கான முறைகளையும் 2024-லேயே அமெரிக்காவின் தரநிர்ணய நிறுவனம் வெளியிட்டுவிட்டது. எனக்கு ஆசையெல்லாம் இன்னொரு பயனில்தான். மருந்தாகட்டும், உரமாகட்டும், மூலக்கூறுகளுக்குள் நடப்பதே குவாண்டம்தான், அதை அதே பாஷை பேசும் இயந்திரத்தில் ஆராயலாம்.

ஏன் இன்னும் கடைக்கு வரவில்லை? கியூபிட் அவ்வளவு தொட்டாற்சிணுங்கி. இதோ, இந்தத் தாம்பாளம் இருக்கும் மேசையை லேசாக இடிக்கிறேன், அலை வடிவம் மொத்தமும் குலைந்துவிட்டது பாருங்கள். கொஞ்சம் சூடு, சின்ன அதிர்வு போதும், கியூபிட்டுக்கும் இதே கதிதான். அதனால் சில வகை இயந்திரங்களை மைனஸ் 273 டிகிரியை ஒட்டிக் குளிர வைக்கிறார்கள். நம்ம வேலூர் மே மாத வெயிலை நினைத்துக்கொண்டு அந்தக் குளிரை நினைத்துப் பாருங்கள்! படங்களில் தங்க நிறத்தில் சரவிளக்கு போலத் தொங்குவது அந்தக் குளிர்விக்கும் அமைப்பு, கணக்குப் போடும் சில்லு அதன் அடியில் சின்னதாக இருக்கும். அப்படியும் பிழை வருகிறது. அதைத் திருத்துவதில்தான் உலகம் முழுக்க ஆராய்ச்சியாளர்கள் இப்போது மல்லுக்கட்டுகிறார்கள். நம் நாடும் 2023-ல் தேசிய குவாண்டம் திட்டத்துக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கியிருக்கிறது.

பிள்ளைகளே, இந்தத் தாம்பாளம் சாயங்காலம் வரை இங்கேயே இருக்கும். ஆறாம் வகுப்பு முதலில், இரண்டிரண்டு பேராக வாருங்கள், ஆளுக்கொரு விரல். தண்ணீர் எந்தக் கோட்டில் அசையாமல் இருக்கிறது என்று கண்டுபிடித்து எனக்குக் காட்ட வேண்டும். கூட வந்திருக்கும் அம்மா அப்பாவும் தட்டிப் பார்க்கலாம்.