அம்மா, அப்பாவின் கோயில் பயணம்: தம்பிக்கு எழுதியது

தம்பி,

நீ கொழும்பிலிருந்து செவ்வாய் இரவு கிளிநொச்சி வந்துவிடுவாய் என்று நினைத்து இதை எழுதுகிறேன். அப்பா சொன்ன பட்டியலில் எட்டுக் கோயில் இருந்தது. நாலுதான் வைத்திருக்கிறேன். நயினாதீவுக்குக் குறிகட்டுவானில் வள்ளம் ஏறி இறங்க வேண்டும், கோணேசர் கோயிலுக்கு மேட்டில் ஏற வேண்டும். அவருடைய முழங்காலுக்கு இரண்டும் சரிவராது. கேட்டால் அக்கா வெட்டிவிட்டாள் என்று சொல், என்னோடு சண்டை பிடிக்கட்டும்.

புதன்கிழமை முறிகண்டி, வற்றாப்பளை, ஒட்டுசுட்டான். அம்மா திங்கட்கிழமைதான் வற்றாப்பளை அம்மனுக்கு விசேஷம் என்று நின்றா. அதனால்தான் திங்கள் வேண்டாம் என்றேன். அந்தச் சனத்துக்குள் அப்பாவுக்குக் கதிரை போட இடம் கிடைக்காது.

காலை 5.30க்கு வெளிக்கிடுங்கள். பிள்ளையாரைக் கும்பிடாமல் அப்பா வேறெங்கும் வரமாட்டார், ஆகவே முதலில் முறிகண்டி. தெருவோரக் கோயில், வாகனத்தை வாசலுக்குக் கிட்ட நிறுத்தலாம். தேங்காயை நீ உடை, அவர் குனியக் கூடாது. கச்சான் வாங்குவதைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள், இல்லாவிட்டால் அங்கேயே அரை மணித்தியாலம் போய்விடும்.

பிறகு மாங்குளத்தில் திரும்பி நேரே வற்றாப்பளை. வழியில் ஒட்டுசுட்டான் வரும், இறங்க வேண்டாம். கிட்ட இருப்பதை முதலில் பார்ப்போம் என்று அப்பா சொல்லுவார். ஆனால் அம்மாவின் நேர்த்தி வற்றாப்பளையில்தான். நேர்த்தி இருக்கிற இடத்துக்கே காலை நேரத்தைக் கொடுக்க வேண்டும், அது தவறினால் மற்ற இரண்டையும் பார்த்தும் அவவுக்கு மனம் ஆறாது. 8.30க்குள் போய்ச் சேர்ந்தால் வெயில் ஏற முதல் புக்கை பொங்கி முடிக்கலாம். அடுப்பும் விறகும் நீ பார்த்துக்கொள், அம்மா கதிரையில் இருந்தபடி அரிசியைப் போட்டால் போதும். கடல்நீரில் விளக்கெரியும் கதையை உனக்கு மறுபடியும் சொல்லுவா, கேள்.

10 மணிக்கு மேல் அங்கே நிற்காதே. ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரருக்கு 11க்கு முன் போய்விட வேண்டும். உச்சிப்பூசை முடிந்து கதவு சாத்தினால் பின்னேரம் வரை காத்திருக்க வேண்டிவரும். ஐயரோடு பேசி வைத்திருக்கிறேன், ஆனாலும் முதல் நாள் பின்னேரம் நீ ஒருக்கால் போன் பண்ணு. ஏதும் விசேஷ அபிஷேகம் வந்தால் நேரம் மாறிவிடும். அப்புறம் பெரியம்மா வீட்டில் சாப்பாடு, படுக்க இடமும் சொல்லியாயிற்று. 3.30க்குப் புறப்படுங்கள். பொழுதுபட்டால் அந்தப் பக்கம் யானை ரோட்டுக்கு வரும்.

இனி முக்கியமான கதை. அம்மா கும்பிடாமல் சாப்பிடமாட்டேன் என்பா. சீனிக் குளுசை போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு இருந்தால் சீனி இறங்கி மயங்கிவிடுவா. கிளினிக்கில் கேட்டேன், குளுசை என்றால் சாப்பாடும் வேண்டும் என்றுதான் சொன்னார்கள். புறப்பட முதல் இரண்டு இடியப்பமாவது சாப்பிட வை. அம்மன் கோபிக்கமாட்டா என்று ஐயரும் சொன்னவர், அதையும் சொல். கைப்பையில் இனிப்பு வைத்திரு. அவவுக்குக் காலில் உணர்ச்சி குறைவு. சுடுமணலில் வெறுங்காலோடு நின்றாலும் சூடு தெரியாமல் பொக்களம் போட்டுவிடும். செருப்பை வாசல் வரை போட்டு வரட்டும், வீதிப் பிரதட்சணம் வேண்டாம், உள்ளே ஒரு சுற்றுப் போதும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு பாதத்தையும் நீயே பார்.

அப்பாவின் தண்ணி போகும் குளுசை காலையில். அதை நிறுத்தச் சொல்லாதே, டொக்டரைக் கேட்காமல் நேரத்தையும் மாற்றாதே. மலசலகூடம் கண்ட இடத்தில் எல்லாம் நிறுத்து, அவர் வேண்டாம் என்றாலும்.

வான் வேண்டாம், கார் பிடித்திருக்கிறேன். வானில் ஏறும் படி அவருக்கு உயரம். முன்சீற்றைப் பின்னுக்குத் தள்ளி வைத்தால் காலை நீட்டலாம். சக்கர நாற்காலி மணலில் ஓடாது, வீட்டிலேயே இருக்கட்டும். பிளாஸ்டிக் கதிரை ஒன்று டிக்கியில் போடு, அதுதான் உதவும்.

வியாழன், வெள்ளி முழு ஓய்வு. சனிக்கிழமை திருக்கேதீஸ்வரம். பரந்தனால் பூநகரி ரோட்டைப் பிடித்து 5க்கு வெளிக்கிட்டால் காலைப் பூசையைப் பார்க்கலாம். சம்பந்தரும் சுந்தரரும் பாடின தலம், 2022இல் கும்பாபிஷேகம் நடந்த பிறகு அப்பா இன்னும் போகவில்லை, அதனால்தான் இவ்வளவு தூரம் சம்மதித்தேன். கருங்கல் வேலை, வெயிலில் கால் வைக்க முடியாது, 10க்குள் முடித்துவிடுங்கள். பாலாவியில் இறங்க விடாதே. செம்பில் தண்ணி அள்ளி வந்து தலையில் தெளித்துவிடு. மடு மாதா கோயிலுக்கும் போகலாமா என்று அம்மா கேட்பா. அவவின் முகத்தைப் பார், களைத்திருந்தால் ஆவணித் திருவிழா முடிந்து போவோம் என்று சொல்.

புதன்கிழமை இரவு அப்பாவின் முழங்கால் வீங்கியிருந்தால் சனிப் பயணத்தை நிறுத்திவிடு. கார்க்காரருக்கு வெள்ளி மத்தியானத்துக்குள் சொன்னால் போதும், பேசித்தான் வைத்திருக்கிறேன்.

அக்கா