பொருள்: கமிஷன் ஏஜென்ட் ஏற்பாட்டை முடித்துக்கொள்வது, நடப்பு ஆர்டர்களுக்கான கமிஷன்

தேதி: ஆகஸ்ட் 29

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்ற வாரம் நேரில் பேசியதை எழுத்திலும் தருகிறேன். பேக்கிங் மெஷின் விற்பனைக்காக ஆறு வருடங்களாக நமக்குள் இருந்துவரும் கமிஷன் ஏற்பாடு செப்டம்பர் 30ஆம் தேதியோடு முடிகிறது. ஒப்பந்தத்தில் உள்ள 30 நாள் நோட்டீஸாக இந்தக் கடிதத்தைக் கொள்ளவும். இனி விற்பனையை எங்கள் ஆட்களே நேரடியாகப் பார்க்கப்போகிறார்கள். காரணம் அவ்வளவுதான், உங்கள் வேலையில் குறை கண்டு எடுத்த முடிவல்ல.

சோப்பு கம்பெனியின் இரண்டு மெஷின்களுக்கும் மருந்துக் கம்பெனியின் ஒரு மெஷினுக்கும் அட்வான்ஸ் வந்துவிட்டது. டெலிவரி செப்டம்பர் 30க்குப் பிறகு போனாலும் வழக்கமான 6 சதவீதம் உங்களுக்கு முழுதாக உண்டு. பார்ட்டி தவணையாகக் கட்டினால், ஒவ்வொரு தவணையும் எங்கள் கணக்கில் ஏறிய 15 நாட்களுக்குள் அதற்குரிய கமிஷனைத் தருகிறோம். எப்போதும்போல வரி, லாரி வாடகை, பொருத்தும் கூலி நீங்கலான பில் தொகைக்குத்தான் கணக்கு.

கொட்டேஷன் கொடுத்து இன்னும் முடியாத நான்கு இடங்கள் இணைப்பில் உள்ளன. இவற்றைப் பற்றி நம் ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் டெமோ காட்டியதும் விலை பேசியதும் நீங்கள். கடைசிக் கையெழுத்தை எங்கள் ஆள் வாங்கினார் என்பதற்காக அந்த உழைப்பை இல்லையென்று ஆக்க எனக்கு மனமில்லை. எனவே டிசம்பர் 31க்குள் ஆர்டர் வந்தால் 6 சதவீதம், அதன்பின் மார்ச் 31 வரை வந்தால் 3 சதவீதம். இடையில் மாடலை மாற்றிக் கேட்டாலும் இது பொருந்தும். மார்ச்சுக்குப் பிறகு வரும் ஆர்டர்களுக்கும் உதிரிபாகங்களுக்கும் கிடையாது.

பட்டியலில் ஏதாவது விடுபட்டிருந்தால் செப்டம்பர் 10க்குள் கொட்டேஷன் நம்பரோடு தெரிவியுங்கள். போனில் ஒருமுறை விசாரித்ததோடு நின்றுபோன பார்ட்டிகளைச் சேர்க்க முடியாது. அதை ஆரம்பித்தால் பட்டியலுக்கு முடிவே இருக்காது.

மே மாதம் திரும்பி வந்த மெஷினுக்கு ஏற்கெனவே கொடுத்த கமிஷன் முதல் செட்டில்மென்டில் கழியும். கோளாறு மெஷினில்தான், உங்கள் தவறல்ல என்பது தெரியும். இருந்தாலும் பார்ட்டிக்குப் பணத்தைத் திருப்பினால் கமிஷனும் திரும்பும் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டிருக்கிறோம். பாக்கி தீரும்வரை மாதந்தோறும் 5ஆம் தேதி கணக்கு விவரம் அனுப்புகிறோம். எந்த பில்லையும் நீங்கள் ஆபீசுக்கு வந்து பார்க்கலாம்.

டெமோ மெஷின், கேட்லாக், விலைப்பட்டியல், அடையாள அட்டை ஆகியவற்றை செப்டம்பர் 30க்குள் ஒப்படைத்துவிடுங்கள். அன்றிலிருந்து எங்கள் பெயரில் விலை சொல்வதோ பணம் வாங்குவதோ வேண்டாம். அதற்கு முன் அந்த நான்கு பார்ட்டிகளிடமும் எங்கள் ஆளை ஒருமுறை அழைத்துப்போய் அறிமுகம் செய்துவைத்தால் நமக்கு இருவருக்குமே நல்லது.

சம்மதமென்றால் இணைத்துள்ள பிரதியில் கையெழுத்திட்டு அனுப்புங்கள். நீங்கள் அனுப்பத் தாமதமானாலும், வந்த பணத்துக்குரிய கமிஷனை நிறுத்திவைக்க மாட்டேன்.

இப்படிக்கு,
நிர்வாகப் பங்குதாரர்

இணைப்பு: நிலுவை கொட்டேஷன் பட்டியல், இக்கடிதத்தின் பிரதி