இலக்கிய மீளாய்வு அட்டவணை: வீட்டுத் தமிழும் பாடநூல் தமிழும்

முதுகலை ஆய்வேடு, அத்தியாயம் 2-க்கான வரைவு

ஆய்வுக் கேள்வி: சுங்கை சிப்புட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர்கள் தமிழ் வாசிப்பில் தடுமாறும்போது, அந்தத் தடுமாற்றத்தில் எழுத்துகளின் பங்கு எவ்வளவு, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரத்தின் பங்கு எவ்வளவு?

பகிர்வுக் கோப்புறையில் ஏற்றியிருக்கும் ஆறு கட்டுரைகளும் கீழே உள்ளன. ஆண்டு வரிசையில் வைக்கவில்லை. என் கேள்விக்கு எது நெருக்கமோ அது மேலே வருகிறது. கடைசிக் கட்டத்தில் எழுதியிருப்பவை என் களத்திலிருந்து பார்க்கும்போது தெரியும் இடைவெளிகள். அவற்றை அந்த ஆசிரியர்களின் குறைகளாகப் படிக்க வேண்டாம்.

| கட்டுரை | கேள்வி | முறை | கண்டது | இடைவெளி |
|---|---|---|---|---|
| சாயேக்-ஹத்தாத், 2003 (அரபு) | வீட்டு அரபுக்கும் எழுத்து அரபுக்கும் உள்ள தூரம் தொடக்க வாசிப்பைப் பாதிக்கிறதா? | பாலர் வகுப்பு, முதலாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஒலியைப் பிரித்துச் சொல்லும் சோதனை; பொருளற்ற சொற்களை வாசிக்கும் சோதனை | குழந்தையின் வட்டாரப் பேச்சில் இல்லாமல் எழுத்து அரபில் மட்டும் உள்ள ஒலிகளைப் பிரிப்பது அதிகக் கடினம் | தமிழில் தூரம் ஒலியோடு நிற்பதில்லை; வினைமுற்று, வேற்றுமை உருபு வரை நீள்கிறது. அதை இந்தச் சோதனை பிடிக்காது |
| ஹூவர், காஃப், 1990 | வாசித்துப் புரிந்துகொள்ளுதல் எழுத்துணர்தல், கேட்டுப் புரிதல் ஆகிய இரண்டின் பெருக்கற்பலனா? | அமெரிக்காவில் ஆங்கிலமும் ஸ்பானியமும் அறிந்த குழந்தைகளை 1 முதல் 4-ஆம் வகுப்பு வரை தொடர்ந்து அளத்தல் | கூட்டலைவிடப் பெருக்கல் நன்றாகப் பொருந்துகிறது. ஒன்று பூச்சியமானால் வாசிப்பும் பூச்சியம் | ‘கேட்டல்’ எந்த வழக்கில்? அங்கே எழாத கேள்வி, இங்கே முதல் கேள்வி |
| நாக், 2007 (கன்னடம்) | உயிர்மெய் எழுத்து முறையைக் கற்கும் வேகம் என்ன? ஒலியன் உணர்வு எப்போது தோன்றுகிறது? | தொடக்கப்பள்ளிக் குழந்தைகளிடம் எழுத்தறிவு, ஒலி உணர்வுச் சோதனைகள் | எழுத்துகளை முழுதாகக் கற்க முதல் வகுப்பு போதாது, அதற்கு மேலும் சில ஆண்டுகள் ஆகின்றன. ஒலியன் உணர்வு மெதுவாகவே வளர்கிறது | தமிழ் நெடுங்கணக்கு வேறு விதம் (கீழே காண்க) |
| சரவணன், லட்சுமி, காலியோன், 2007 (சிங்கப்பூர்) | எழுத்துத் தமிழ், தரமான பேச்சுத் தமிழ் இரண்டையும் பள்ளிச் சூழல் எப்படிப் பார்க்கிறது? | மனப்பான்மை ஆய்வு | வகுப்பில் பேச்சுத் தமிழுக்கு இடம் தர வேண்டும் என்ற வாதம் | மனப்பான்மை தெரிகிறது, வாசிப்புத் திறன் தெரியவில்லை |
| ஷிஃப்மன், 2002 (மலேசியா) | மலேசியத் தமிழரிடையே தமிழின் நிலை என்ன? | விவரணம், கொள்கைப் பகுப்பாய்வு | தோட்ட வாழ்வின் மாற்றமும் தமிழ்ப்பள்ளிகளின் நிலையும் மொழிப் பெயர்வோடு பிணைந்துள்ளன | குழந்தை இல்லை, வகுப்பறை இல்லை |
| பெர்குசன், 1959 | ஒரே மொழியின் இரு வழக்குகள் பணியை எப்படிப் பகிர்ந்துகொள்கின்றன? | அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைட்டி கிரியோல் ஒப்பீடு | உயர் வழக்கு பள்ளியில் கற்கப்படுகிறது. தாழ் வழக்கு வீட்டில் இயல்பாக வருகிறது | வரையறைக்கு மட்டும் போதும் |

‘கண்டது’ நிரலை மேலிருந்து கீழாகப் படித்தால்

முதல் வரிசையும் மூன்றாம் வரிசையும் மோதுகின்றன. வாசிப்பு தாமதமாவதற்கு நாக்கின் விளக்கம் எழுத்துகளின் எண்ணிக்கை. சாயேக்-ஹத்தாத்தின் விளக்கம் வழக்குகளின் தூரம். அரபில் இரண்டையும் ஓரளவு பிரித்துப் பார்க்கலாம், தமிழில் அவை ஒரே பிழைக்குள் ஒளிந்துகொள்கின்றன. ‘காற்று’ என்று அச்சில் இருப்பதை ஒரு மாணவி ‘காத்து’ என்று படிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு ‘ற்’ தெரியவில்லையா, அல்லது எழுத்தைச் சரியாக அறிந்தே பாட்டி சொல்லும் ஒலியைச் சொல்கிறாளா? வழக்கமான மதிப்பெண் தாள் இரண்டுக்கும் ஒரே சிவப்புக் கோட்டைத்தான் போடும். இரண்டாவது வகையைப் பிழை என்று எண்ணவே எனக்கு மனமில்லை. ஆனாலும் ஆய்வில் அதைத் தனியாகக் குறித்தே ஆக வேண்டும்.

ஆகவே சொற்பட்டியல் மூன்று தொகுதியாக இருக்கும். இரு வழக்கிலும் ஒரே மாதிரி ஒலிப்பவை முதல் தொகுதி: வீடு, தட்டு, பாட்டி. பேச்சில் ஒலி மாறுபவை இரண்டாவது: காற்று, கன்று, ஒன்று. புத்தகத்தில் மட்டும் எதிர்ப்படுபவை மூன்றாவது: இல்லம், கதிரவன். இவற்றோடு பொருளற்ற சொற்கள் சிலவும் சேரும். முதல் தொகுதியிலும், ‘ற்’, ‘ன்’ உள்ள பொருளற்ற சொற்களிலும் தடுமாறாத மாணவர் இரண்டாவதில் தடுமாறினால் காரணம் எழுத்தன்று.

நாக்கின் முடிவைத் தமிழுக்கு அப்படியே எடுத்துவர முடியாது. கன்னடத்தில் க, க³ போன்ற ஒலிகளுக்குத் தனித்தனி எழுத்துகள் உண்டு, மெய்கள் சேர்ந்து வரும்போது இரண்டாவது மெய் முதல் எழுத்தின் கீழே ஒட்டி வரும். தமிழ் புள்ளியை வைத்து அந்தச் சுமையைக் குறைத்துக்கொண்டது. 247 எழுத்துகள் என்று எண்ணிச் சொன்னாலும் வடிவங்களில் பெரும்பாலானவை ஒழுங்கானவை. பதிலுக்கு ‘க’ என்ற ஒரே எழுத்து ‘கல்’, ‘தங்கம்’, ‘மகன்’ மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. அந்த விதியை இரண்டாம் ஆண்டு மாணவர் எப்போது கைவசப்படுத்துகிறார் என்பதை இந்த ஆறு கட்டுரைகளும் தொடவில்லை.

‘கேட்டல்’ பற்றி

ஆய்வேட்டின் நடுப்பகுதி ஹூவர்–காஃப் வரிசையிலிருந்து பிறக்கிறது. அவர்களுடைய சூத்திரத்தில் கேட்டுப் புரிதலுக்கு ஒரே ஒரு மதிப்பெண். தாமானிலோ இன்னும் செம்பனைத் தோட்டத்திலோ வளரும் ஒரு மாணவருக்கு அது இரண்டாகப் பிரியும். ஒரே கதையை வீட்டுத் தமிழில் ஒரு குழுவுக்கும் பாடநூல் தமிழில் இன்னொரு குழுவுக்கும் சொல்லி, அதே கேள்விகளைக் கேட்க வேண்டும். அடுத்த கதைக்குக் குழுக்களை மாற்ற வேண்டும். இரு மதிப்பெண்களுக்கும் இடையே பெரிய வேறுபாடு இருந்தால், எழுத்துக் கூட்டி நன்றாகப் படித்தும் பொருள் புரியாத மாணவர்களை விளக்க ஒரு வழி கிடைக்கும். வகுப்பில் இவர்களைத்தான் ‘சரளமாகப் படிக்கிறார்’ என்று பாராட்டி அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம்.

‘முறை’ நிரல்

தமிழைப் பற்றிய இரண்டு கட்டுரைகளும் மனப்பான்மையையும் சூழலையும் பேசுகின்றன. குழந்தையை உட்கார வைத்து வாசிக்கச் சொன்ன கட்டுரைகள் வேறு மொழிகளைப் பற்றியவை. இந்த ஆறுக்குள் நிற்கும் வரை, என் ஆய்வு இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே அமைகிறது என்று எழுதலாம். ‘இதுவரை யாருமே ஆராயவில்லை’ என்று எழுதுவது துணிச்சல் ஆகிவிடும். மலேசியாவில் 2010-இல் தொடங்கிய லீனுஸ் திட்டம் தொடக்கநிலையில் மலாய் எழுத்தறிவையும் எண்ணறிவையும் அளந்தது. அதை அறிமுகப் பகுதியில் ஒரு வரியில் சொன்னால் போதும்.

சேர்க்காமல் விட்டவை

கம்மின்ஸ் 1979-ஐ எடுத்துவிட்டேன். அவர் பேசுவது இரு வேறு மொழிகளுக்கு இடையே திறன் கடந்து செல்வதைப் பற்றி. ஒரே மொழியின் இரு வழக்குகளுக்கு அதை நீட்ட முடியும் என்றால் அது தனி வாதமாக வேண்டும். அட்டவணையில் ஒரு வரிசையாக ஒட்டினால் நிற்காது. மாறாக, நாக்கும் ஸ்நோலிங்கும் 2012-இல் கன்னட வாசிப்பைப் பற்றி எழுதிய கட்டுரை கட்டாயம் வேண்டும். இப்போதுள்ள பட்டியல் 2007-இல் நின்றுவிடுகிறது.

மேற்பார்வையாளரிடம் கேட்க வேண்டியவை: பெர்குசனை அட்டவணையிலிருந்து எடுத்துக் கலைச்சொல் விளக்கத்துக்கு மாற்றலாமா? வீட்டுத் தமிழில் சொல்லும் கதையில் ‘பாசார்’ போன்ற மலாய்ச் சொற்களை அப்படியே விடலாமா? விட்டால் அது மாணவர்களின் உண்மையான பேச்சு; நீக்கினால் இரு கதைகளும் சொல்லுக்குச் சொல் ஒப்பிடத்தக்கவை. நான் விடும் பக்கம் சாய்கிறேன்.