விலைப்புள்ளி கோரல்: மாணவர் விடுதிக் கட்டடத்துக்கான தரை, சுவர் டைல்ஸ்

நாள்: 3 நவம்பர் 2025

பெறுநர்: டைல்ஸ் விநியோகஸ்தர்கள் ஐவருக்கும்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். நாங்கள் கட்டிவரும் மூன்று மாடி மாணவர் விடுதிக்கு டைல்ஸ் வாங்க உங்களிடம் விலைப்புள்ளி கோருகிறோம். இதே கடிதம் ஐந்து விநியோகஸ்தர்களுக்கும் ஒரே நாளில் போகிறது. எல்லாரும் ஒரே அடிப்படையில் விலை தந்தால்தான் ஒப்பிட முடியும். அதனால் கீழே உள்ள அளவையும் அலகையும் மாற்றாமல் பதில் தாருங்கள்.

தேவையான அளவு (சேதாரம் சேர்த்தது):

1. அறைகள், நடைபாதைத் தரை: மேட் விட்ரிஃபைடு, 600 × 600 × 9 மி.மீ., வெளிர் சாம்பல். 1,953 ச.மீ.
2. குளியலறைத் தரை: சறுக்காத விட்ரிஃபைடு, 300 × 300 மி.மீ., அடர் சாம்பல். 231 ச.மீ.
3. குளியலறைச் சுவர்: பளபளப்பான செராமிக், 300 × 600 மி.மீ., வெள்ளை. 672 ச.மீ.
4. மாடிப்படி: மிதிக்கும் பகுதிக்கு முனையில் வரிப்பள்ளம் உள்ள 1200 × 300 மி.மீ. டைல் 100, முகப்புக்கு 1200 × 200 மி.மீ. டைல் 100.
5. ஸ்கர்ட்டிங்: முதல் இனத்தின் அதே டைலில் ஆலையிலேயே வெட்டிய 100 மி.மீ. உயரத் துண்டுகள். 1,150 மீட்டர்.

1, 2, 4, 5 ஆகிய இனங்கள் ஐஎஸ்ஓ 13006 தரத்தின் பி-1-ஏ பிரிவில் இருக்க வேண்டும். அதாவது நீர் உறிஞ்சல் 0.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதல் இனம் மேற்பூச்சு உள்ள வகை என்றால் தேய்மான வகுப்பு 4க்குக் குறையக் கூடாது. நடைபாதையில் நாள் முழுக்க செருப்புக் கால்கள் மண்ணோடு நடக்கும். அதற்குக் கீழான வகை சீக்கிரம் மங்கிவிடும். குளியலறைத் தரையில் ஈரத்தில் வெறுங்காலோடு நடப்பார்கள் என்பதால் டிஐஎன் 51097 சோதனையில் குறைந்தது பி வகுப்பு வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க மாட்டோம். சோதனை அறிக்கையின் நகலை விலைப்புள்ளியோடு இணையுங்கள். சுவர் டைல் செராமிக்காகவே இருக்கட்டும். ஓரம் நேராகவும் விளிம்பு சிதறாமலும் இருந்தால் போதும்.

எங்களுக்கு எல்லாவற்றையும் விட முக்கியமானது ஷேடு. முந்தைய கட்டடத்தில் இரண்டாவது லோடு வேறு பேட்ச்சில் வந்தது. நடைபாதையின் பாதியில் நிறம் மாறுவது வாசலில் நின்று பார்த்தாலே இன்றும் தெரிகிறது. எனவே ஒவ்வொரு இனமும் முழுக்க ஒரே பேட்ச், ஒரே ஷேடு எண், ஒரே அளவு எண்ணில் இருக்க வேண்டும். பெட்டி மேல் அச்சிட்ட எண்ணை இறக்கும்போதே சரிபார்ப்போம். மாறியிருந்தால் அந்தப் பெட்டியை இறக்காமல் திருப்பி அனுப்புவோம். இவ்வளவு சரக்கு ஒரே பேட்ச்சில் இப்போது கையில் இல்லை என்றால், ஆலையில் எப்போது கிடைக்கும் என்று வெளிப்படையாக எழுதுங்கள். கொஞ்சம் காத்திருக்கலாம், கலந்த சரக்கு வேண்டாம்.

விலை ச.மீ. அடிப்படையில் வேண்டும், படிக்கு எண்ணிக்கைக்கும், ஸ்கர்ட்டிங்குக்கு மீட்டருக்கும். பெட்டிக்கு விலை சொன்னால் ஏற்க மாட்டோம், ஏனென்றால் ஒரு பெட்டியின் பரப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. பெட்டிப் பரப்பைத் தனியே குறிப்பிடுங்கள். உதாரணமாக 1.44 ச.மீ. பெட்டி என்றால் முதல் இனத்துக்கு 1,357 பெட்டி வரும். விலையில் பேக்கிங், ஏற்றுகூலி, வண்டி வாடகை, வழிச்சேதக் காப்பீடு, தளத்தில் இறக்கி அடுக்குவது எல்லாம் அடங்க வேண்டும். வரியை மட்டும் தனி வரியில் காட்டுங்கள். விலை 60 நாள் மாறாமல் இருக்க வேண்டும். முழு ஆர்டருக்குத் தள்ளுபடி உண்டா, பிரித்து வாங்கினால் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள்.

ஆர்டர் தந்த 21 நாளில் 2, 3ஆம் இனங்கள் வர வேண்டும். மற்றவை அடுத்த 30 நாளில். முதல் இனம் மட்டுமே ஏறத்தாழ 40 டன் எடை. தளத்துக்கு வரும் பாதை 4 மீட்டர் அகலம்தான், நீள டிரெய்லர் திரும்பாது. சிறு லாரிகளில், காலை 7 முதல் 11 மணிக்குள், முந்தின நாளே சொல்லிவிட்டு அனுப்புங்கள். வழியில் உடைந்தவற்றை 10 நாளில் அதே பேட்ச்சில் மாற்றித் தர வேண்டும். முழுப் பெட்டியாக மிஞ்சினால் பில் விலையிலேயே திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

முன்பணம் கிடையாது. ஒவ்வொரு லோடுக்கும் சரக்கைச் சரிபார்த்த 30 நாளில் 90 சதவீதம்; மீதி 10 சதவீதம் கடைசி லோடு முடிந்து 45 நாளில்.

விலைப்புள்ளி 17 நவம்பர் 2025 மாலை 5 மணிக்குள் இந்த மின்னஞ்சலுக்குப் பதிலாக வந்து சேரட்டும். ஒவ்வொரு இனத்திலும் இரண்டு முழு டைலை மாதிரியாக அதே நாளுக்குள் தள அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். வெட்டிய சிறு துண்டு போதாது. தேர்வாகும் மாதிரியை இரு தரப்பும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வோம், வரும் சரக்கை அதோடுதான் ஒப்பிடுவோம். குறைந்த விலை என்பதற்காக மட்டும் ஆர்டர் தர மாட்டோம். தரமும் பேட்ச் உறுதியும் சேர்த்தே பார்ப்போம். சந்தேகம் இருந்தால் 10 நவம்பருக்குள் எழுதிக் கேளுங்கள், பதிலை ஐவருக்கும் அனுப்புவோம்.

இப்படிக்கு,
கொள்முதல் பொறுப்பாளர்,
விடுதிக் கட்டுமானப் பிரிவு