மணமகன் தேவை: திருகோணமலை

திருகோணமலை உப்புவெளியைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட சைவக் குடும்பத்தின் ஒரே மகளுக்குத் தகுந்த மணமகனை, பெற்றோர் சார்பில் தாய்மாமன் எதிர்பார்க்கின்றார். மணமகள் 1996ஆம் ஆண்டு பிறந்தவர். உயரம் 5 அடி 3 அங்குலம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் பட்டம் பெற்று, பிரதேச செயலகமொன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக நிரந்தர நியமனத்தில் பணியாற்றுகின்றார்.

தந்தையார் ஓய்வுபெற்ற தபாலதிபர், தாயார் ஓய்வுபெற்ற ஆசிரியை. மூத்த சகோதரர் மணமாகிக் கனடாவில் வசிக்கின்றார். இளையவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயில்கின்றார்.

நட்சத்திரம் சோதி, இராசி துலாம். இலக்கினத்துக்கு எட்டில் செவ்வாய் நிற்பதால், அதற்கு ஈடான செவ்வாயுள்ள குறிப்புகளையே பார்க்க இயலும். ரோகிணி, திருவாதிரை, அத்தம், சோதி, திருவோணம், சதயம் ஆகிய ஆறும் ஒரே இரச்சுவில் அமைவதால், இந்நட்சத்திரங்களில் பிறந்தவர்களின் வீட்டார் வீணாகச் சிரமப்பட வேண்டாம் என்பதற்காகவே இதனை முன்கூட்டிக் குறிப்பிடுகின்றோம். குறிப்பு வாக்கியப் பஞ்சாங்கப்படி கணிக்கப்பட்டது. திருக்கணிதப்படி கணித்த குறிப்பை அனுப்புவோர் அதனைத் தெரிவித்தால் ஒப்பிடுவது எளிதாகும்.

மணமகன் 30 முதல் 35 வயதுக்கு உட்பட்ட, பட்டப்படிப்போ அதற்கு நிகரான தொழிற்றகைமையோ உடைய, மதுப்பழக்கம் இல்லாத சைவராக இருத்தல் வேண்டும். சமயத்துக்கு அப்பால் வேறு பிரிவு எதனையும் நாங்கள் கேட்கவில்லை. மணமகள் தொழிலைத் தொடர விரும்புவதால் திருகோணமலை, மட்டக்களப்பு, வவுனியா ஆகிய இடங்களில் பணிபுரிவோருக்கு முன்னுரிமை உண்டு. வெளிநாட்டில் வசிப்பவரையும் மறுக்கவில்லை. ஆனால் படம் பார்த்து மட்டும் முடிவெடுக்க எங்களுக்குச் சம்மதமில்லை, நேரில் வந்து பெண்ணோடு பேசிய பின்னரே மேற்கொண்டு பேசப்படும்.

சீதனமாக உப்புவெளியில் 12 பேர்ச் காணியும் அதிலுள்ள வீடும் மணமகளின் பெயரில் ஏற்கெனவே எழுதப்பட்டுள்ளன. காசு பற்றிய பேச்சுக்கு இடமில்லை. பதிவுத் திருமணமும் தாலிகட்டும் ஒரே நாளில், பத்திரகாளி அம்பாள் சந்நிதியில் நடைபெற வேண்டுமென்பது தாயாரின் விருப்பம்; கோயிலைப் பற்றி மணமகன் வீட்டாருக்கு வேறு எண்ணம் இருந்தால் அதனையும் கேட்போம்.

விளம்பரத்தில் இதற்கு மேல் எழுத இடம் போதாது. விபரங்களை ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதி, குறிப்பின் பிரதியுடன், 'மணமகன் தேவை, உப்புவெளி 27' என்று உறையின் மேல் தெளிவாகக் குறித்து, இப்பத்திரிகையின் விளம்பரப் பகுதிக்கு மூன்று வாரங்களுக்குள் அனுப்பி வைக்கவும். பொருந்தாத குறிப்புகள் திருப்பி அனுப்பப்படும். பொருந்தினால் மட்டுமே இரு வீட்டாரும் படம் மாற்றிக்கொள்ளலாம். கலியாணத் தரகர்கள் தொடர்புகொள்ள வேண்டாம்.