ஏற்காடு ஊற்று, ஓடை வரைபடம்: பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு

கவிதா,

நம் கோப்புகள் எல்லாம் EPSG:32644-இல் இருக்கின்றன. அதாவது WGS 84, UTM 44N. ஏற்காடு ஊருக்கு கிழக்கெண் 1,96,000 வாக்கிலும் வடக்கெண் 13,03,000 வாக்கிலும் வரும். எந்தக் கோப்பைத் திறந்தாலும் பெயர்ச்சீட்டை நம்பாமல் முதலில் இந்த எண்களைப் பாருங்கள். கிழக்கெண் எட்டரை லட்சம் என்று வந்தால் யாரோ 43N-இல் ஏற்றியிருக்கிறார்கள்.

43, 44 மண்டலங்களின் எல்லை 78° தீர்க்கரேகை. நமக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. ஏற்காடு, சேலம், ஓமலூர் மூன்றும் 44-இல். தாரமங்கலமும் மேட்டூரும் 43-இல். அடுத்த கட்டத்தில் சரபங்கா ஓடையைத் தொடர்ந்து கீழே இறங்கும்போது ஓமலூர் தாண்டியதும் அந்த எல்லையைக் கடப்பீர்கள். அங்கே ஓடையை இரண்டாக வெட்ட வேண்டாம். முழுவதையும் 44-லேயே வைத்திருங்கள். அளவுப்பிழை கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் அளவுதான்.

QGIS-இல் “Set Layer CRS” பெயர்ச்சீட்டை மட்டும்தான் மாற்றும், எண்களைத் தொடாது. உண்மையில் மாற்ற வேண்டுமானால்:

```
ogr2ogr -t_srs EPSG:32644 odai_44n.gpkg odai_gps.gpkg
```

இனி மூலங்கள். பழைய டோப்போ ஷீட்டுகள் (58I/1-இல் ஏற்காடு, 58I/2-இல் சேலம் நகரம்) எவரெஸ்ட் டேட்டத்தில் உள்ளவை. ஓரத்து அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை அப்படியே WGS 84 என்று அடித்தால் 200 மீட்டர் வாக்கில் தள்ளி நிற்கும். மலையில் அது அடுத்த பள்ளத்தாக்கு! ஷீட்டில் உள்ள ஓடைப் பெயர்கள் அருமையானவை, அவற்றுக்காகவே வைத்திருக்கிறேன். இடத்துக்கு அதை நம்பாதீர்கள்.

புலப்படங்களில் ஆயத்தொலைவே கிடையாது. சங்கிலிக் கோடும் குறுக்களவும் மட்டும்தான். களத்தில் கல் கிடைத்த புலங்களைத்தான் பொருத்தியிருக்கிறேன். நாகலூர்ப் பக்கம் பாக்கி.

உயரத்துக்கு SRTM, 30 மீட்டர் கட்டம். அதன் உயரம் EGM96 ஜியாய்டிலிருந்து, அதாவது ஏறத்தாழக் கடல்மட்டத்திலிருந்து. கைக்கருவி தரும் நீள்வட்டக்கோள உயரம் இங்கே சுமார் 90 மீட்டர் குறைவாக வரும். கருவி பழுதில்லை, தென்னிந்தியாவில் ஜியாய்டு அவ்வளவு தாழ்ந்திருக்கிறது. சில போன் செயலிகள் தாமாகவே திருத்தியும் தரும், ஆகவே எந்தச் செயலி என்று எழுதாத உயரத்தைச் சேர்க்காதீர்கள். காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் நிழலில் எடுத்த புள்ளி பத்துப் பதினைந்து மீட்டர் ஆடும். ஊற்றுக்கண்ணில் கொஞ்ச நேரம் நின்று சராசரி எடுங்கள்.

பாதைகள் OpenStreetMap-இலிருந்து வந்தவை; அச்சிடும்போது அதன் பெயரைப் போட்டாக வேண்டும். பின்னணிப் படம் EPSG:3857. அதன் மேல் அளந்தால் நீளம் 2 சதவீதம், பரப்பு 4 சதவீதம் கூடிப் போகும். பார்ப்பதற்கு மட்டும் அது.

மூலக்கோப்புகள் `raw` அடைவில் பூட்டியபடி உள்ளன, வேலை நடப்பவை `44n`-இல். செம்மடுவு ஊற்றுகளின் புள்ளிகள் இன்னும் `raw`-விலேயே கிடக்கின்றன, அதிலிருந்து தொடங்குங்கள்.