ஆறு மணி டியூட்டி

பல்லாவரத்துல மச்சினன் புள்ளைக்கு காதுகுத்து. சாப்பாடு முடிஞ்சு நாலு மணி வாக்குல முருகேசன் மொட்டை மாடிக்கு வந்தான், ஆறு மணிக்கு டியூட்டி, அதுக்குள்ள ஒரு அரை மணி நேரம் கண்ண மூடலாம்னு. அங்க பொண்டாட்டியோட தாய்மாமா தண்ணி டேங்க் நெழல்ல பாய விரிச்சு, ரெண்டு டம்ளர் வெச்சிட்டு உக்காந்திருக்காரு.

"வாங்க மாப்ள, உங்களுக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன், ஊர்ல இருந்து வரும்போதே வாங்கிட்டு வந்தேன்."

அவரு ஆசையா சொன்னதுல இவனுக்கு சட்டுனு பதில் வரல. கல்யாணத்தப்போ வண்டிக்கு முன்பணம் கட்ட காசு குடுத்த மனுசன், இன்னிக்கு வரைக்கும் அதப்பத்தி ஒரு வார்த்த பேசினதில்ல.

பக்கத்துல போய் உக்காந்தான். "மாமா, உங்க கையால குடுக்குறத வேணாம்னு சொல்ல எனக்கும் மனசு வரல. இன்னிக்கு வண்டி இருக்கு மாமா, கோச்சுக்காதீங்க."

"ஒரே ஒரு ரவுண்டு மாப்ள, ஆறு மணிக்குள்ள எறங்கிடும்."

"எறங்காது மாமா. மாட்டுனா பத்தாயிரம் ஃபைன்."

"நான் கட்டுறேன்."

கட்டுவாரு, அது இவனுக்கும் தெரியும். டம்ளர மெதுவா அவரு பக்கம் நகத்தி வெச்சான்.

"ஃபைன விடுங்க மாமா. குரோம்பேட்டைல ஒரு நர்ஸ் பொண்ணு, ஒம்போதரைக்கு டியூட்டி முடிஞ்சு என் வண்டிலதான் வீட்டுக்குப் போகும், பின் சீட்ல ஏறுன அஞ்சாவது நிமிசம் தூங்கிடும், அவ்ளோ அசதி. என்கிட்ட லேசா வாடை வந்தாக்கூட அந்தப் பொண்ணு தூங்காது மாமா, வீடு வர்ற வரைக்கும் கண்ணாடில என் மூஞ்சியவே பாத்துட்டு வரும்."

மாமா ஒண்ணும் சொல்லல. கொஞ்ச நேரம் கழிச்சு கீழ எட்டிப் பாத்து, "ஏ பாப்பா, மாப்ளைக்கு ஒரு சொம்பு மோர் கொண்டா"ன்னு கொரல் குடுத்தாரு. அவருக்கு ஊத்துனத அவரு குடிச்சாரு, இவன் மோரக் குடிச்சான், வெளைச்சல், மழைன்னு பேசிட்டு இருந்ததுல தூக்கமும் போச்சு.

அஞ்சு மணிக்கு மாமா திண்டிவனம் பஸ் ஏறணும்னு கெளம்ப, கிளாம்பாக்கம் வரைக்கும் நானே விடுறேன்னு முன் சீட்ல ஏத்திக்கிட்டான். ஜிஎஸ்டி ரோட்டுல ஞாயித்துக்கிழம டிராஃபிக், ஊர்ந்துதான் போக முடிஞ்சுது. பஸ் ஸ்டாண்ட் வாசல்ல எறங்கின மாமா கதவ சாத்தல. பின்னாடி கதவையும் தொறந்து விட்டாரு, வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு அங்கயே நின்னாரு.

"என்ன மாமா, பஸ்ஸு போயிடப் போகுது."

"அடுத்த பஸ்ல போறேன். நாலு கண்ணாடியும் எறக்கி விடுங்க மாப்ள, அந்தப் பொண்ணு ஏறும்போது என் வாடை இருக்கக்கூடாது."